நெற்றியில் சாம்பல்... தட்டில் என்ன? திருநீற்றுப் புதனின் ஒருசந்தியும் சுத்தபோசனமும்!

தவக்காலத்தின் முதல் நாள் திருநீற்றுப் புதன். சாம்பல் புதன், விபூதிப் புதன் என்றும் சொல்வார்கள். அதிகாலைத் திருப்பலிக்குப் போய் நெற்றியில் சாம்பல் சிலுவையுடன் அலுவலகமும் கல்லூரியும் வருபவர்களை அன்று பார்த்திருப்பீர்கள். சாம்பல் எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஆனால், கத்தோலிக்கத் திருச்சபை அன்று கட்டாயமாகக் கேட்பது சாம்பலை அல்ல, நோன்பை!

திருநீற்றுப் புதன் கடன் திருநாள் இல்லை. எனவே, கோயிலுக்குப் போக முடியாமல் சாம்பல் பூசாமல் விட்டவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. ஆனால், அவருக்கும் அன்றைய ஒருசந்தியும் சுத்தபோசனமும் உண்டு. காலையில் சாம்பல் பூசிக்கொண்டு மதியம் சிக்கன் பிரியாணி சாப்பிடுபவர்தான் அந்த நாளைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்.

சாம்பல் எங்கிருந்து வருகிறது?

சென்ற ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலைகளே இந்த ஆண்டின் சாம்பல். தமிழ்நாட்டில் அந்த ஓலையைச் சிலுவையாகப் பின்னி, சுவாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. தவக்காலத்துக்குச் சில நாள் முன்பு அவற்றைக் கோயிலில் சேர்ப்பார்கள். ஓலை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். சுற்றிய நூல், ரிப்பன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இரும்புச் சட்டியில் எரித்து, ஆறியதும் நொறுக்கி, துணியில் சலித்தால் மாவு போன்ற சாம்பல் கிடைக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சாம்பல் நெற்றியில் நன்றாக ஒட்ட வேண்டும் என்று தண்ணீரை ஊற்றிக் குழைப்பது ஆபத்து. தாவரச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. தண்ணீர் சேர்ந்தால் அது காரத்தன்மையுள்ள கரைசலாகிறது. அந்தக் காலத்தில் சாம்பல் தண்ணீரால் அழுக்குத் துணி வெளுத்ததும் இதனால்தான். அந்த ஈரக் குழம்பு நெற்றியில் மணிக்கணக்கில் இருந்தால் எரிச்சல் வரும், தோல் சிவக்கும். சிலருக்குப் புண்ணாகவும் ஆகலாம். மந்திரிக்கும்போது தெளிக்கும் தீர்த்தத்தின் ஈரமே போதும். இல்லையென்றால் ஒன்றிரண்டு சொட்டு எண்ணெய் சேர்க்கலாம். பூசிய இடம் சுரீரென்று எரிந்தால் மாலை வரை காத்திருக்காமல் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். சாம்பலை அழிப்பது பாவம் இல்லை.

பூசும்போது குருவானவர் இரண்டில் ஒன்றைச் சொல்வார். மனிதன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணுக்கே திரும்புபவன் என்பது ஒன்று. மனம் மாறி நற்செய்தியை நம்ப வேண்டும் என்பது இன்னொன்று. இது ஏழு அருட்சாதனங்களில் ஒன்று இல்லை என்பதால், கைக்குழந்தை முதல் பிற சமயத்து நண்பர் வரை யாரும் பூசிக்கொள்ளலாம்.

ஒருசந்தி வேறு, சுத்தபோசனம் வேறு

பலரும் குழம்புவது இங்கேதான். ஒருசந்தி என்பது உணவின் அளவைக் குறைப்பது. சுத்தபோசனம் என்பது இறைச்சியை விலக்குவது. ஒருசந்தி கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான சொல்லும் இல்லை. ஒரு நாளில் ஒரு வேளை மட்டும் சாப்பிடும் விரதத்துக்குத் தமிழில் உள்ள பழைய பெயர் அது. புரட்டாசி சனிக்கிழமை விரதத்தையும் ஒருசந்தி என்று சொல்லும் வீடுகள் இருக்கின்றன.

இன்றைய விதிகளின் அடிப்படை, 1966-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணை. 1983-ன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அதைத் தொடர்கிறது. இதன்படி ஒருசந்தியன்று ஒரு வேளை வயிறாரச் சாப்பிடலாம். காலையிலும் இரவிலும் சிறிதளவு எடுத்துக்கொள்ளலாம். அந்த இரண்டும் சேர்ந்து ஒரு முழுச் சாப்பாட்டின் அளவுக்கு வரக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தண்ணீர், டீ, காபி, மருந்து ஆகியவற்றால் நோன்பு முறியாது. இடையில் கொறிக்கும் முறுக்கும் பிஸ்கட்டும் கணக்கில் வராது என்று நினைப்பதுதான் தவறு.

சுத்தபோசனத்தில் விலக்க வேண்டியது ஆடு, மாடு, பன்றி, கோழி போன்ற இறைச்சி. சட்டப்படி மீன், முட்டை, பால், நெய் எதற்கும் தடையில்லை. ஆனாலும் நம் ஊரில் 'அசைவம்' என்றால் மீனும் முட்டையும் சேர்ந்ததுதான் என்பதால், பல குடும்பங்கள் அவற்றையும் தொடுவதில்லை. அது அவர்களாக ஏற்றுக்கொண்ட கூடுதல் ஒறுத்தல்.

ஒரு வீடு, ஆறு தட்டுகள்

வயதைப் பொறுத்தும் விதி மாறும். சுத்தபோசனம் 14 வயது நிறைந்ததிலிருந்து வாழ்நாள் முழுக்க. ஒருசந்தி 18 வயது நிறைந்ததிலிருந்து 59 நிறையும் வரை. உதாரணத்துக்கு, ஒரே வீட்டில் 67 வயது பாட்டி, 48 வயது அப்பா, சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கும் 44 வயது அம்மா, 19 வயது மகள், 15 வயது மகன், 10 வயது கடைக்குட்டி என்று வைத்துக்கொள்வோம்.

அப்பாவுக்கும் மகளுக்கும் இரண்டுமே உண்டு. காலையில் இரண்டு இட்லி, மதியம் சோறு, சாம்பார், பொரியலுடன் முழுச் சாப்பாடு, இரவு ஒரு தோசை அல்லது ஒரு டம்ளர் கஞ்சி என்றால் கணக்கு சரி. முழுச் சாப்பாட்டை இரவுக்கு மாற்றிக்கொண்டாலும் தவறில்லை.

பாட்டிக்கு ஒருசந்தி இல்லை. மூன்று வேளையும் வழக்கம்போல் சாப்பிடலாம். ஆனால் இறைச்சி கூடாது. பதினைந்து வயது மகனுக்கும் அப்படியே. வளரும் பிள்ளை பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கடைக்குட்டிக்கு இரண்டுமே கட்டாயமில்லை; வீட்டில் சமைத்ததைச் சாப்பிட்டால் போதும்.

கவனம் தேவைப்படுவது அம்மாவுக்கு. மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டு சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைசுற்றல் வந்தால் 'நோன்பாச்சே' என்று தாங்கிக்கொள்ளாமல், உடனே சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்க வேண்டும். நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கடும் உடல் உழைப்பு செய்பவர்கள் ஆகியோரை ஒருசந்தி கட்டுப்படுத்தாது. இதற்காக யாரிடமும் குற்ற உணர்வோடு நிற்க வேண்டியதில்லை. இறைச்சியை விட்டாலே அந்த அம்மா நாளைக் கடைப்பிடித்தவர்தான்.

நோன்பு நள்ளிரவில் தொடங்கி அடுத்த நள்ளிரவில் முடிகிறது. இதே இரட்டை நோன்பு ஆண்டில் இன்னும் ஒரே ஒரு நாள், புனித வெள்ளியன்று வரும். இடையில் வரும் தவக்கால வெள்ளிகளில் சுத்தபோசனம் மட்டும்.

எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் ஒரே நாளா?

இல்லை. சீரோ மலபார் கத்தோலிக்கர்கள் இரண்டு நாள் முன்னதாக, திங்கட்கிழமையே சாம்பல் பூசித் தவக்காலத்தைத் தொடங்குகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு முறையும் அருகருகே நடப்பதைப் பார்க்கலாம். 'லெந்து நாட்கள்' என்று சொல்லும் புராட்டஸ்டன்ட் சபைகள் பலவற்றில் புதனன்று ஆராதனை மட்டும் இருக்கும், சாம்பல் இருக்காது.

கழுவலாமா, வைத்திருக்கலாமா?

அன்று திருப்பலியில் வாசிக்கப்படும் நற்செய்தி, மத்தேயு 6-ஆம் அதிகாரம். நோன்பிருக்கும்போது முகத்தை வாட வைத்துக்கொண்டு ஊருக்குக் காட்டாதீர்கள், முகம் கழுவித் தலைக்கு எண்ணெய் வையுங்கள் என்று இயேசு சொல்லும் பகுதி அது. அதைக் கேட்ட கையோடு நெற்றியில் எல்லோரும் பார்க்கும்படி சாம்பல் பூசுகிறார்கள்! முரணாகத் தெரிகிறதா? சாம்பல் நோன்பிருந்ததற்கான சான்றிதழ் இல்லை. தான் பாவி, தான் மண் என்று ஒத்துக்கொள்ளும் அடையாளம். பெருமைக்குக் காட்ட அதில் எதுவும் இல்லை. இத்தாலி போன்ற நாடுகளில் நெற்றியில் வரையாமல் உச்சந்தலையில் தூவிவிடுவார்கள். வெளியே வந்தால் யாருக்கும் தெரியாது. 2021-ல் கொரோனா காலத்தில் தொடுதலைத் தவிர்க்க, எல்லா நாடுகளிலும் இப்படித் தூவும்படிதான் வத்திக்கான் அறிவுறுத்தியது.

எனவே, மாலை வரை வைத்திருப்பதும் வேலைக்குப் போகும் முன் கழுவிவிடுவதும் உங்கள் விருப்பம். 2027-ல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10 அன்று வருகிறது. வீட்டில் பழைய குருத்தோலை இருந்தால், பிப்ரவரி முதல் வாரத்திலேயே எடுத்துக் கோயிலில் கொடுத்துவிடுங்கள்.