இலக்கம் கைமாறிய நேரம்

கைத்தொலைபேசி இலக்கம் சிம் அட்டைக்குள் உறைவதன்று. எந்த அட்டைக்கு எந்த இலக்கம் என்பதைத் தொலைபேசி நிறுவனத்தின் பதிவேடே தீர்மானிக்கின்றது. போலி அடையாள அட்டை காட்டி, "அட்டை தொலைந்தது" எனக் கூறும் ஒருவனுக்குப் புதிய அட்டை வழங்கப்படின், உரியவரின் அட்டை செயலிழந்துவிடும். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அவனிடமே செல்லும். கணக்கின் கடவுச்சொல்லையோ அவன் முன்னரே வஞ்சகமாகப் பெற்றிருப்பான்.

வணிகர் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். முற்பகல் 10.40க்கு அவரது தொலைபேசியில் அலைத்தொடர்பு அற்றது. அதே நிறுவனத்தைச் சேர்ந்த அயலவரின் தொலைபேசியோ செவ்வனே இயங்கிற்று. ஐயுற வேண்டிய அடையாளம் அதுவே. அவர் வாளாவிருந்தார். 10.55க்கும் 11.05க்கும் பணம் இருமுறை வெளியேறிற்று. பிற்பகல் 4.30க்கு வங்கியில் உண்மை தெரிந்தது, 5.10க்கு நிறுவனத்திடம் கூறி இலக்கத்தை முடக்குவித்தார்.

"பணம் போயிற்று" என்று மட்டும் எழுதினால், அது வங்கியின் காரியம் என நிறுவனம் கைகழுவிவிடும். ஆதலால் அவர் முறைப்பாட்டில் இந்நேரங்களை வரிசையாக எழுதி, புதிய அட்டை எத்தனை மணிக்கு, எந்தக் கிளையில், எந்த ஆவணத்தின் பேரில் வழங்கப்பட்டது என வினவினார். கிளையின் கண்காணிப்புக் கமராப் பதிவை அழியாது காக்குமாறும் கோரினார். வழங்கிய நேரம் 10.38 எனப் பதிவு காட்டினால், பின்வந்த கடவுச்சொற்கள் அவர் கைக்கு எட்டவில்லை என்பது தெளிவாகும். கணக்கின் கடவுச்சொல் கசிந்த வழியை அப்பதிவு காட்டாது. வங்கி அதனைத் தனியே வினவும். முறைப்பாட்டின் பிரதிகள் வங்கிக்கும் பொலிசாருக்கும் சென்றன. நிறுவனம் மறுமொழி தராவிடின், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டியதும் அதே தாளே.