ஒரே பிழை, இரண்டு எண்கள்

ஒரு வங்கி தன் மொபைல் செயலியை எழுதித் தரும் வேலையை வெளியே ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த வேலை யாரிடம், எந்த நிலையில் இருக்கிறது என்று பதிந்து வைக்க வங்கியில் ஜிரா இருக்கிறது. மென்பொருள் நிறுவனத்தில் அதே காரியத்துக்கு மைக்ரோசாஃப்டின் அஷூர் டெவ்ஆப்ஸ். வங்கியின் தணிக்கை ஜிராவை நம்பி நடக்கிறது, நிறுவனம் பில் போடுவது அஷூரைப் பார்த்து. அதனால் இரண்டு பேருமே தங்கள் பதிவேட்டை விட முடியாது. நடுவில் ஒருவர் உட்கார்ந்து கையால் நகலெடுத்தால் சில வாரங்களிலேயே இரண்டும் வேறு வேறு கதை சொல்லத் தொடங்கும். ஆகவே அந்த வேலையை ஓர் இணைப்பு நிரலிடம் ஒப்படைக்கிறார்கள்.

வங்கியின் சோதனையாளர் ஒரு பிழையைப் பதிகிறார்: 'அனுப்பு' பொத்தானை இரண்டு முறை தட்டினால் பணம் இரண்டு முறை போகிறது. ஜிராவில் அதன் எண் `PAY-214`. இணைப்பு நிரல் அதை அஷூரில் `5873` என்ற புதிய பதிவாக எழுதுகிறது. எழுதிய கையோடு ஒவ்வொன்றிலும் மற்றதன் எண்ணைத் தனிக் கட்டத்தில் குறித்துவிட வேண்டும். நிரல் பாதியில் நின்று மறுபடி ஓடினால், முதலில் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கும். இருந்தால் புதிதாக உருவாக்காது. தலைப்பை வைத்து ஜோடி சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. தலைப்பை யார் வேண்டுமானாலும் திருத்துவார்கள், திருத்திய மறுகணம் ஜோடி அறுந்துவிடும்.

அடுத்த சிக்கல் எதிரொலி. நிரல் அஷூரில் எழுதியதும், 'இந்தப் பதிவு மாறிவிட்டது' என்று அஷூர் அறிவிக்கும். அதையும் ஒரு மாற்றமாக எண்ணி நிரல் ஜிராவில் எழுதும். உடனே ஜிரா அறிவிக்கும். இப்படியே ஒரே பிழைக்கு விடிய விடிய மின்னஞ்சல் வந்து குவியும். நிரலுக்கென்று தனிக் கணக்கு கொடுத்து, அந்தக் கணக்கு செய்த மாற்றங்களை ஒதுக்கச் சொல்வதுதான் வழக்கமான மருந்து. அது மட்டும் போதாது. ஜிராவில் யாராவது ஒரு தானியங்கி விதி வைத்திருந்தால், நிரல் எழுதியதைக் கண்டு அந்த விதி வேறொரு கணக்கின் பெயரில் இன்னொரு மாற்றம் செய்யும், வட்டம் மறுபடி சுழலும். அதனால் எழுதுமுன் பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் விட்டுவிட வேண்டும். விவரணை போன்ற நீண்ட உரைகளில் அந்த ஒப்பீடும் ஏமாற்றலாம். இரண்டு மென்பொருள்களும் உரையை வேறு வேறு வடிவத்தில் சேமிப்பதால், போய்த் திரும்பும்போது ஒரு வெற்று வரி கூடினாலும் 'மாறிவிட்டது' என்றே தோன்றும். விவரணையை ஒரு திசையில் மட்டும் அனுப்புவது நல்லது.

இவற்றைவிடக் கவனம் கேட்பது நிலை. அஷூரில் ஒரு பிழை `New`, `Active`, `Resolved`, `Closed` என்று நகர்கிறது. இந்த வங்கியின் ஜிராவில் `To Do`, `In Progress`, `In Test`, `Done`. நாலுக்கு நாலு பொருந்துவது போலத் தெரியும். ஆனால் `Resolved` என்றால் நிரலாளர் 'நான் திருத்திவிட்டேன்' என்கிறார், அவ்வளவுதான். அதை `Done` என்று இணைத்துவிட்டால் `PAY-214` சோதனையாளரின் கண்ணிலேயே படாது. சோதிக்காத திருத்தம் வாடிக்கையாளரின் கைக்குப் போய்விடும். `Resolved` வந்தால் `In Test`. `Done` என்று சொல்லும் உரிமை வங்கிக்கு மட்டும். அது வந்த பிறகே அஷூரில் `Closed`. சோதனையில் தோற்றால் வங்கி `In Progress`-க்குத் தள்ளும், அஷூர் `Active` ஆகும். யார் எந்த நிலையை மாற்றலாம் என்பதை இரு நிறுவனங்களும் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே நிரலைத் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஜிரா நிலையை நேரடியாக எழுத விடாது. இப்போதிருக்கும் நிலையிலிருந்து அந்த நிறுவனம் வரைந்திருக்கும் பாதைகளில் மட்டுமே நகர்த்தலாம். வங்கியில் யாரும் தொடாமல் `PAY-214` இன்னும் `To Do`-விலேயே கிடந்து, அங்கிருந்து `In Test`-க்குப் பாதை இல்லையென்றால், ஜிரா மறுத்துவிடும். அந்த மறுப்பை நிரல் விழுங்கிவிட்டால் இரண்டு பதிவேடுகளும் சத்தமில்லாமல் பிரிந்துபோகும்.

கருத்துரைகளில் முன்யோசனை வேண்டும். நிறுவனத்துக்குள் பேசிக்கொள்ளும் விலை விவகாரம் வங்கியின் திரைக்குப் போய்விடக் கூடாது. குறிப்பிட்ட அடையாளச் சொல்லோடு தொடங்கும் கருத்துரை மட்டும் கடக்கட்டும்.

அறிவிப்புகள் சில சமயம் வந்து சேராமல் போகும். அதற்காக நிரல் அவ்வப்போது ஜிராவிடம் தானே கேட்டுக்கொள்ளும்:

```
updated >= "2025-01-10 14:30"
```

இந்த நேரத்தை, கேட்கும் கணக்கின் நேர மண்டலப்படி ஜிரா படிக்கிறது. நிரல் இந்திய நேரத்தை எழுத, கணக்கு லண்டன் நேரத்தில் இருந்தால், இன்னும் வராத நேரத்துக்குப் பிறகு மாறியவற்றைக் கேட்டதாக ஆகிவிடும். பிழைச் செய்தி வராது, வெறும் பட்டியல்தான் வரும். ஆட்கள் நாள் முழுக்க வேலை செய்தும் இந்தக் கேள்வி ஒரு மாற்றத்தைக்கூடக் கொண்டுவரவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்தக் கணக்கின் நேர அமைப்பு.