ரயிலா, கப்பலா, விமானமா? பெயர் மறந்த தொடரைத் தேடி

“முன்பின் தெரியாத சில பேர் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். வெளியே வரவே முடியாது. அருமையான தொடர், பெயர்தான் நினைவில்லை.”

இந்த மூன்று வாக்கியங்களை வைத்துக்கொண்டு தேடுகிறவருக்குக் குறைந்தது அரை நூற்றாண்டுத் தொலைக்காட்சி எதிரே நிற்கும். 1964-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’ நகைச்சுவைத் தொடரில், சிறு படகில் உல்லாசப் பயணம் போன ஏழு பேர் புயலில் சிக்கித் தீவில் ஒதுங்குகிறார்கள். 2004-ல் வந்த ‘லாஸ்ட்’ தொடரில் சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் பறந்த விமானம் தீவில் விழுகிறது. 2020-ல் வெளியான பெல்ஜியத்தின் ‘இன்டு த நைட்’ தொடரில், சூரிய ஒளி பட்டாலே சாவு என்ற நிலையில், விமானத்தில் இருப்பவர்கள் இரவைத் துரத்திக்கொண்டே பறக்கிறார்கள். மூன்றுமே அந்த வர்ணனைக்குள் அடங்கும்.

கதாபாத்திரங்களைச் சொல்லித் தேடலாம் என்று பலருக்கும் தோன்றும். “அதில் ஒரு டாக்டர் இருப்பார், ஒரு குற்றவாளி இருப்பான், ஒரு கர்ப்பிணிப் பெண் வருவாள்” என்பார்கள். ‘லாஸ்ட்’ தொடரில் இந்த மூவரும் உண்டு என்பது சரிதான். ஆனால் இந்த வகைக் கதையின் கட்டுமானமே, எங்கும் சந்தித்துக்கொள்ள வாய்ப்பில்லாத மனிதர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பதுதான். காயத்துக்கு மருத்துவர் வேண்டும், சந்தேகத்துக்கு ஒரு குற்றவாளி வேண்டும், பதற்றத்துக்கு ஒரு பிரசவம் வேண்டும். ஆகவே ஆட்களின் பட்டியல் தொடருக்குத் தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. மாறுவது ஒன்றுதான்: அவர்கள் எப்படி மாட்டினார்கள்? தேட வேண்டிய நூல்முனை அங்கேதான் இருக்கிறது.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்த்துவிடலாம். நினைவில் இருப்பது இவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வோம்: ரயிலில் ஒருவரையொருவர் அறியாத பயணிகள், ஏதோ ஒரு விபத்து, அதன் பிறகு வெளியே வந்து பார்த்தால் உலகமே அழிந்து கிடக்கிறது.

‘ரயில்’, ‘உலக அழிவு’ என்றதும் பெரும்பாலோர் சொல்லும் பெயர் ‘ஸ்னோபியர்சர்’. 2013-ல் திரைப்படமாக வந்து 2020-ல் தொடரானது. ஆனால் அதில் ரயில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அழிவுக்குப் பிறகு மனிதர்கள் வாழும் இடமே அந்த ரயில்தான். வழக்கமான பயணத்தில் இருந்தவர்கள் திடீரென்று மாட்டிக்கொண்டார்கள் என்ற நினைவோடு அது பொருந்தாது. அதை ஒதுக்கிவிடலாம்.

மிஞ்சுவது இரண்டு. ஒன்று பிரிட்டனின் ஐ.டி.வி. 1999-ல் ஒளிபரப்பிய ‘த லாஸ்ட் ட்ரெயின்’. எழுதியவர் மேத்யூ கிரஹாம். பிறகு ‘லைஃப் ஆன் மார்ஸ்’ தொடரை உருவாக்கியவர்களுள் ஒருவர். லண்டனிலிருந்து ஷெஃபீல்டு செல்லும் ரயில் சுரங்கப்பாதையில் விபத்துக்குள்ளாகிறது. அதே நேரத்தில் பூமியை விண்கல் தாக்குகிறது. பெண் விஞ்ஞானி ஒருவர் கொண்டுவந்த உருளையிலிருந்து கசிந்த வாயு, பெட்டியில் இருந்தவர்களை உறைய வைத்துவிடுகிறது. அவர்கள் விழிக்கும்போது பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன. விஞ்ஞானியாக நடித்தவர் நிக்கோலா வாக்கர்.

இன்னொன்று ஜப்பானின் டி.பி.எஸ். 2023-ல் ஒளிபரப்பிய ‘பெண்டிங் ட்ரெயின்’. காலை நேர ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், முடிதிருத்தும் கலைஞர், தீயணைப்பு வீரர், பள்ளி ஆசிரியை. ஓடும் ரயிலின் பெட்டி அப்படியே எதிர்காலத்துக்குத் தூக்கி எறியப்படுகிறது. அங்கேயும் உலகம் பாழாகக் கிடக்கிறது. அதற்குக் காரணமும் விண்வெளியிலிருந்து வந்த பேரழிவுதான். 24 ஆண்டு இடைவெளியில், இரு வேறு நாடுகளில், கதைச்சுருக்கத்தை வைத்தால் எது எதுவென்று பிரிக்க முடியாத இரண்டு தொடர்கள்.

பிரிப்பதற்கு ஒரே கேள்வி போதும். பயணிகள் நெடுங்காலம் தூங்கி எழுந்தார்களா, அல்லது கண்ணிமைக்கும் நேரத்தில் ரயில் காலத்தைத் தாண்டியதா? உறைந்து கிடந்து விழித்தார்கள் என்றால் பிரிட்டன். காலத்தைத் தாண்டினார்கள் என்றால் ஜப்பான். இரண்டாவதில் திரும்பிப் போகும் வழி உண்டா என்ற கேள்வி கதையை இழுத்துச் செல்லும். முதலாவதில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. தூங்கியவர்கள் நேற்றைக்குத் திரும்ப முடியாது.

அந்த விவரமும் மறந்துபோயிருந்தால் காலம் கைகொடுக்கும். ஆளாளுக்குக் கையில் ஸ்மார்ட்போனை வைத்துக்கொண்டு சிக்னல் தேடிய காட்சி நினைவிருக்கிறதா? 1999-ன் ரயிலில் அதற்கு வழியே இல்லை. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. “சின்ன வயதில் பார்த்தேன்” என்பது பார்த்த காலத்தைத்தான் சொல்கிறது, எடுத்த காலத்தை அல்ல. ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’ 1967-லேயே முடிந்துவிட்டாலும் அதன் மறுஒளிபரப்பு பல தலைமுறைக்கு ஓடியது. கறுப்பு வெள்ளையா, கலரா என்பதும் அதில் உதவாது. முதல் சீசன் மட்டும் கறுப்பு வெள்ளை, மற்றவை கலர். திரைக்குள் தெரியும் கருவிகள், வண்டிகள், உடைகள் ஆகியவற்றை நம்புவதே மேல்.

நாட்டைக் கண்டுபிடிக்க நம்மவர்கள் முதலில் நாடுவது மொழியை. டப்பிங்கில் பார்த்தவருக்கு அந்த அடையாளம் காணாமல் போயிருக்கும். 2022-ல் வந்த ஜெர்மானியத் தொடர் ‘1899’-ல் ஒரே கப்பலில் இருப்பவர்கள் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல் திணறுவார்கள். எல்லோரையும் ஒரே மொழியில் பேசவைத்த டப்பிங்கில் பார்த்தவருக்கு அந்த முக்கியமான தடயமே கிடைக்காது. அதைவிட உறுதியான சாட்சி தொடரின் நீளம். ‘த லாஸ்ட் ட்ரெயின்’ ஆறே பகுதிகளில் முடிந்துவிட்டது. ஜப்பானியத் தொடர்கள் பெரும்பாலும் மூன்று மாதத்தில், பத்து பகுதிகளையொட்டி முடியும். ‘பெண்டிங் ட்ரெயின்’ பத்து. விமானம் தீவில் விழுந்து, ஒரு பொழுதுபோக்கு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் மாட்டிக்கொள்ளும் கொரியாவின் ‘மிஸ்ஸிங் நைன்’ 16 பகுதிகள். ஆறு சீசன்கள் ஓடிய ‘லாஸ்ட்’ 121. “வாரக்கணக்கில் பார்த்தேனா, வருஷக்கணக்கில் பார்த்தேனா?” என்று கேட்டுக்கொண்டாலே பாதி உலகம் விலகிவிடும்.

எந்த வகைக் கதை என்பதைக் கேட்கும்போது ‘திகில்’, ‘சஸ்பென்ஸ்’ என்ற பெயர்ப்பலகைகள் அதிகம் உதவுவதில்லை. பகுதிக்குப் பகுதி கதாபாத்திரங்கள் எதைத் தேடினார்கள் என்று கேட்பது நல்லது. கில்லிகன் கூட்டம் ஒவ்வொரு முறையும் தப்பிக்கப் பார்த்துத் தோற்கும். அடுத்த பகுதி மீண்டும் பழைய இடத்திலிருந்து தொடங்கும். ‘லாஸ்ட்’ ஆட்கள் தீவு என்ன என்று தேடினார்கள். நடுநடுவே அவர்களின் பழைய வாழ்க்கை வந்துபோகும். முதலாவதை எந்தப் பகுதியிலிருந்தும் பார்க்கலாம், இரண்டாவதை அப்படிப் பார்த்தால் தலையும் புரியாது வாலும் புரியாது. நடுவில் எங்கோ ஒரு பகுதி பார்த்தும் முழுசாகப் புரிந்தது என்கிற நினைவுகூட ஒரு தடயம்தான்.

இவ்வளவு சலித்தும் எதுவும் பொருந்தவில்லை என்றால், தேடுவது தொடரே இல்லை என்ற சந்தேகம் வர வேண்டும். விமானத்தில் தூங்கிய பத்துப் பேர் விழித்துப் பார்க்கும்போது மற்ற பயணிகள் மாயமாகியிருக்கும் ‘த லாங்கோலியர்ஸ்’, ஸ்டீஃபன் கிங்கின் கதையை வைத்து 1995-ல் வெறும் இரண்டு பகுதிகளாக வந்தது. அதைவிடக் கடினமான இடம் ‘த ட்வைலைட் ஸோன்’. பகுதிக்கு ஒரு கதை சொல்லும் அந்தத் தொடரில், 1961-ல் வந்த ஒரு பகுதியில், ஒரு ராணுவ மேஜர், ஒரு கோமாளி, ஒரு நடனப்பெண் உட்பட ஐந்து பேர் உயரமான உருளைச் சுவருக்குள் மாட்டியிருப்பார்கள். எப்படி வந்தோம் என்று யாருக்கும் தெரியாது. இதைத் தனித் தொடராக நினைத்துத் தேடுகிறவர் தொடர்களின் பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் பயனில்லை. ‘த ட்வைலைட் ஸோன்’ தொடரின் பகுதிகளின் பட்டியலைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.