நீலத் திரை வெள்ளையாகும்போது முடி என்னவாகிறது?

ஸ்டுடியோவில் நீலத் திரைக்கு முன் எடுத்த படம் கையில் இருக்கிறது. விண்ணப்பமோ வெள்ளைப் பின்னணி கேட்கிறது. திரும்பவும் போய் உட்கார நேரமில்லை, அந்தப் படத்தையே மாற்றித் தரச் சொல்கிறோம். வந்து சேரும் படத்தில் முகம் சரியாகத்தான் இருக்கும். தலை மட்டும் ஹெல்மெட் போட்டதுபோல வழவழவென்று முடியும், இல்லாவிட்டால் முடியைச் சுற்றி மெல்லிய நீலக்கோடு ஓடும். பார்த்தவுடனே ஒட்டுப்படம் என்று தெரிந்துவிடும்.

வேலையைத் தொடங்குமுன் விதியைப் பார்த்துவிட வேண்டும். பாஸ்போர்ட் படத்தை மென்பொருளாலோ செயலியாலோ மாற்றக்கூடாது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை வெளிப்படையாகவே சொல்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் வெள்ளைச் சுவர் முன் நின்று புதிதாக எடுப்பதுதான் ஒரே வழி. நம் பாஸ்போர்ட் சேவா மையங்களில் பெரியவர்களுக்கு அங்கேயே படம் எடுத்துவிடுகிறார்கள். ஆகவே இந்தத் திருத்த வேலை, பின்னணியை மாற்றத் தடையில்லாத மற்ற விண்ணப்பங்களுக்கும் அடையாள அட்டைகளுக்கும் உரியது.

முடியிடம் மட்டும் ஏன் எல்லோரும் தோற்கிறார்கள்? ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர். நல்ல கேமராவில் எடுத்தாலும், முகவாய் முதல் உச்சி வரை 1500 புள்ளிகள் விழுந்தால், ஒரு புள்ளிக்குள் அடங்கும் அகலம் சுமார் 0.15 மில்லிமீட்டர். தனியாகப் பறக்கும் முடி அந்தப் புள்ளியில் பாதியைக்கூட நிரப்பாது. மீதியில் இருப்பது திரையின் நீலம். அதாவது முடி ஓரத்தில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் கறுப்பும் நீலமும் கலந்த ஒரு நிறம். அதைக் கத்தரித்து எடுத்தால் நீலமும் சேர்ந்து வரும், வெட்டித் தள்ளினால் முடியும் சேர்ந்து போகும். கத்தரிக்கோலால் தீராத சிக்கல் இது. புள்ளிக்குள் இருக்கும் நீலத்தை மட்டும் வெள்ளையாக மாற்ற வேண்டும்.

அதற்கான வழி நீலத் திரையிலேயே ஒளிந்திருக்கிறது. டிஜிட்டல் படம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சாம்பல்நிறப் படங்களின் அடுக்கு. போட்டோஷாப்பில் Channels பலகையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிவப்பில் திரையும் இருட்டு, முடியும் இருட்டு, பிரித்தறிய முடியாது. நீலத்துக்கு வந்தால் திரை வெளிறிய சாம்பலாக மின்னும், முடி கறுப்பாகவே நிற்கும். வெளிச்சுவர் முன் நிற்பவரைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த படம் போலவே அது இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

சுருட்டை முடியைப் பின்னால் கட்டி, காதோரம் சில இழைகள் பறக்கும் ஒரு பெண்ணின் படத்தை எடுத்துக்கொள்வோம். நீல அடுக்கை நகலெடுத்து, அசல் படத்துக்குக் கீழே ஒரு தனி அடுக்காக ஒட்டுகிறோம். அதில் திரையின் அளவு 200 என்று காட்டினால், Levels பெட்டியில் வலது முனையை 195-க்கு இழுக்கிறோம். திரை முழுவதும் 255, அதாவது தூய வெள்ளை ஆகிவிடும். முடி இழைகளோ தம் அரைச்சாயல்களோடு அப்படியே நிற்கும். எண்ணெய் தடவிய முடி திரையின் நீலத்தை வாங்கிப் பளபளத்திருந்தால், இந்த அடுக்கில் அது வெளிறித் தெரியும். நடு முனையை 1.00-இலிருந்து 0.80 பக்கம் நகர்த்தினால் கறுப்பு திரும்பி வரும். அதற்கு மேல் போனால் இழைகள் கயிறாகத் தடிக்கும்.

இப்போது மேலே உள்ள வண்ணப் படத்துக்கு ஒரு மாஸ்க் போட்டு, முகம், கழுத்து, உடை, அடர்ந்த முடிப்பகுதி இவற்றை மட்டும் காட்டுகிறோம். மாஸ்க்கின் எல்லை முடியின் ஓரத்தில் நிற்கக்கூடாது. சற்று உள்ளே, முடி முழுக் கறுப்பாக இருக்கும் இடத்தில், மிருதுவான தூரிகையால் முடிய வேண்டும். அதற்கு வெளியே தெரியும் இழைகளெல்லாம் கீழேயிருக்கும் சாம்பல் படத்திலிருந்து வருபவை. கருமுடிக்கு நிறம் அவ்வளவாக இல்லாததால் இரண்டும் சேரும் இடம் கண்ணுக்குத் தெரியாது. மருதாணியோ சாயமோ பூசிய செம்பட்டை முடியானால், மேலே Color நிலையில் தூரிகையை வைத்து அந்த நிறத்தை மெல்லத் தடவ வேண்டியிருக்கும்.

காதும் தாடையும் இப்படி இல்லை. அங்கே மாஸ்க்கின் ஓரம் கூர்மையாக, ஒரு புள்ளி மிருதுவோடு, தோலின் எல்லையிலேயே செல்ல வேண்டும். ஒரே தொடுதலில் பின்னணியை நீக்கும் செயலிகள் காது மடலின் நுனியையும் கண்ணாடிக் காம்புக்கும் கன்னத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும் அடிக்கடி விழுங்கிவிடுகின்றன. அடையாளப் படத்தில் காதைக் குறைப்பது முகத்தையே மாற்றுவதாகும். பின்னணி எவ்வளவு அழகாக அமைந்தாலும் அந்தப் படம் எனக்கு ஏற்புடையதில்லை.

தோளில் விழுந்த மல்லிகைச் சரம் இன்னொரு இடைஞ்சல். பூவும் வெளிச்சம், திரையும் வெளிச்சம் என்பதால் நீல அடுக்கில் பூ காணாமல் போகும். அதை மாஸ்க்கில் சேர்த்து வண்ணப் படத்திலிருந்தே காட்ட வேண்டும். இதழ்களுக்கிடையே உள்ள பச்சை கலந்த நிழல்தான் வெள்ளையில் அதைத் தூக்கிக் காட்டும். நரைமுடிக்கும் இதே சங்கடம்தான். நீல அடுக்கில் நரைக்கும் திரைக்கும் வேறுபாடே இராது. தலை முழுதும் நரைத்தவர்களுக்கு இந்த முறையை நான் பரிந்துரைப்பதில்லை, மறுபடி எடுத்துவிடலாம்.

அடுத்தது நிழல். சுவரில் விழும் நிழல் வேறு, ஆளின் மேல் விழும் நிழல் வேறு. தலைக்குப் பின்னால் திரையில் படிந்த நிழல் போயே ஆக வேண்டும், வெள்ளைப் பின்னணி கேட்பவர்கள் அதை ஏற்பதில்லை. நீல அடுக்கில் அந்த இடம் 160 அளவில் சாம்பலாக எஞ்சி நிற்கும். Dodge கருவியை Highlights-இல் வைத்துத் தடவினால் வெளிறிய பகுதி வெள்ளையாகும், கருமுடி அவ்வளவாக அசையாது. முகவாய்க்குக் கீழேயும் கழுத்திலும் உள்ள நிழலைத் தொடவே கூடாது. அது போனால் தலையும் உடலும் தனித்தனியாக மிதக்கும்.

நிழலோடு வெளிச்சத்தையும் கவனிக்க வேண்டும். உண்மையான வெள்ளைச் சுவர் முன் நிற்பவரின் கன்ன ஓரத்திலும் தோள் விளிம்பிலும் சுவரின் வெளிச்சம் லேசாகத் திரும்பி விழும். நீலத் திரை முன் எடுத்த படத்தில் அதே ஓரங்கள் மங்கலாகவும் நீலம் படிந்தும் இருக்கும். Color நிலையில் பக்கத்துத் தோல் நிறத்தைத் தடவி நீலத்தை எடுத்தபின், சில புள்ளி அகலத்துக்கு மட்டும் அந்த விளிம்பைச் சற்றே வெளிச்சமாக்கினால் ஆள் அந்த வெள்ளையின் முன்னால்தான் நின்றார் என்று கண் நம்பும்.

வேலை சரியாக வந்ததா என்று வெள்ளைத் திரையில் பார்த்தால் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தற்காலிக Levels அடுக்கைப் போட்டு, இடது முனையை 230 வரை இழுத்துப் பாருங்கள். 255-க்குச் சற்றே குறைந்த அழுக்குகள், நிழலின் மிச்சங்கள், தூரிகை தவறிய திட்டுகள் எல்லாம் கறுத்து வெளியே வரும். அவற்றைத் துடைத்துவிட்டு அந்த அடுக்கை நீக்கிவிடலாம். படத்தைச் சிறிதாக்குவது கடைசியில்தான். 35×45 மில்லிமீட்டர், 300 டிபிஐ என்றால் 413×531 புள்ளிகள். அந்த அளவில் தனி இழைகள் தலையைச் சுற்றி மெல்லிய சாம்பல் மூட்டமாகக் கலந்துவிடும், அது இருந்தால் போதும். அச்சில் தூய வெள்ளைக்கு மை விழாது என்பதால் படத்தின் ஓரம் தாளோடு கரைந்துவிடும். வெட்டுவதற்கு வழிகாட்டியாக மெல்லிய சாம்பல் கோட்டைப் படத்துக்கு வெளியே போட்டுக்கொள்ளுங்கள், வெட்டும்போது அது படத்தில் ஒட்டாமல் கழிந்துவிட வேண்டும்.