முகவரியும் போன் நம்பரும் வெளியே போனால்: நிறுவனத்துக்கு எழுத வேண்டிய கடிதம்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில் 2024-ஆம் ஆண்டு நடந்ததை நம் வணிகர்கள் பலரும் பத்திரிகைகளில் படித்திருப்பார்கள். அந்நிறுவனத்தின் பாலிசிதாரர்களுடைய விவரங்கள் டெலிகிராமில் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்கின்றன என்று அவ்வாண்டு செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பெயர், போன் நம்பர், வீட்டு முகவரி, அடையாள அட்டை நகல், மருத்துவப் பரிசோதனை முடிவு வரை அதில் இருந்தன. மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம் தன் கையில் இருப்பதாகத் திருடிய ஆசாமி கூறிக்கொண்டான்.

நிறுவனம் முதலில், பெரிய அளவில் பாதிப்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றது. பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடை பெற்றது. அக்டோபரில், சில விவரங்கள் சட்டவிரோதமாக எடுக்கப்பட்டது உண்மை என்றும், 68,000 டாலர் கேட்டு மிரட்டல் வந்தது என்றும் தெரிவித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "பெரிய அளவில் பாதிப்பில்லை" என்பது கம்பெனியைப் பற்றிய பதில். "என் முகவரி போயிற்றா?" என்பது பாலிசிதாரரின் கேள்வி. பொதுவாகப் புகார் எழுதினால் பொதுவான பதில்தான் வரும். ஆகவே நம் கடிதம் நம்முடைய பதிவு ஒன்றைப் பற்றி மட்டுமே கேட்க வேண்டும்.

முதலில், விவரம் எந்தக் கம்பெனியிலிருந்து போனது என்று காட்ட வேண்டும். "பல இடத்தில் உங்கள் நம்பரைக் கொடுத்திருப்பீர்கள்" என்பதுதான் கம்பெனி சொல்லும் முதல் சமாதானம். இதற்கு நம் கையிலேயே சாட்சி இருக்கலாம். ஒரு கம்பெனி நம் இனிஷியலைத் தப்பாகப் பதிந்திருக்கும். இன்னொன்றில் காலி செய்த பழைய கடை விலாசம் அப்படியே இருக்கும். யாரோ ஒருவர் போனில் அழைத்து, அந்தத் தப்பான இனிஷியலையும் பழைய விலாசத்தையும் பாலிசி முடியும் தேதியையும் சேர்த்துச் சொன்னால், அது எங்கிருந்து போனது என்பது ஏறக்குறைய விளங்கிவிடும். அழைப்பு வந்த தேதி, நேரம், நம்பர், சொன்ன விவரம் ஆகிய நான்கையும் அன்றே குறித்து வைக்க வேண்டும்.

அடுத்து, கடிதம் யாருக்கு என்பது. கிளைக்கோ ஏஜெண்டுக்கோ எழுதிப் பயனில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரையும் முகவரியையும் வெளியிட வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. அவர் ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும் என்பதும் அவ்விதிகளிலேயே உள்ளது. அவருக்கு மின்னஞ்சலும், அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பி, சேர்ப்பித்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளலாம். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மாதிரிக்கு:

"ஐயா, நான் நாங்குநேரியில் கடை நடத்தி வருகிறேன். தங்கள் நிறுவனத்தில் இன்ன எண்ணுள்ள கணக்கு வைத்துள்ளேன். இன்ன தேதியில், இன்ன நம்பரிலிருந்து பேசிய அந்நியர், தங்களிடம் மட்டுமே நான் கொடுத்த விலாசத்தைச் சொன்னார். தங்கள் வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்ததாகப் பத்திரிகையிலும் செய்தி வந்துள்ளது. ஆகவே கீழ்க்கண்டவற்றுக்கு எழுத்து மூலம் பதில் கோருகிறேன்.

1. என் பதிவு கசிந்ததில் அடங்குமா? அடங்கும் எனில், என்னென்ன விவரங்கள் போயின?

2. எந்தத் தேதியில் கசிந்தது, தங்களுக்கு எப்போது தெரிந்தது, எனக்கு ஏன் தெரிவிக்கவில்லை?

3. கசிந்த வழி அடைக்கப்பட்டதா? அதை வெளித் தணிக்கையாளர் யாரேனும் சோதித்தார்களா?

4. எனக்குத் தேவைப்படாத பழைய விலாசம், அடையாள அட்டை நகல் ஆகியவற்றை நீக்கி, நீக்கியதைத் தெரிவிப்பீர்களா?

5. இனித் தங்கள் ஆட்கள் எந்த நம்பரிலிருந்து மட்டும் அழைப்பார்கள்?"

இரண்டாவது கேள்வி முக்கியமானது. கம்ப்யூட்டர் ஊடுருவல் நடந்ததை அறிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. தேதியைக் கேட்டு வாங்கிவிட்டால், காலதாமதம் தானாக வெளியே வரும்.

நான்காவதும் ஐந்தாவதும்தான் உண்மையான பரிகாரம். பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம்; வீட்டை மாற்ற முடியுமா? வெளியே போன விலாசத்தைத் திரும்பப் பெறுவதாக எந்தக் கம்பெனியும் உறுதி கூற இயலாது. இனிமேல் போகாதபடி குறைக்கலாம், போனதைக் கொண்டு நம்மை ஏமாற்றாதபடி தடுக்கலாம். வங்கி, காப்பீட்டு நிறுவனங்களுக்கென்று 1600 என்று தொடங்கும் நம்பர்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. கம்பெனி தன் நம்பரை எழுத்தில் கொடுத்துவிட்டால், வேறு நம்பரில் வரும் அழைப்பை நாம் துண்டித்துவிடலாம். அதற்குள் பணம் போயிருந்தால் இக்கடிதத்துக்குக் காத்திராமல் உடனே 1930-க்குச் சொல்ல வேண்டும்.

பதில் வரவில்லை என்றால் என்ன செய்வது? சட்டத்தின் எல்லையை இங்கே தெரிந்துகொள்வது நல்லது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஏ பிரிவின்படி நஷ்டஈடு கேட்க, போனது 'நுண்ணிய விவரமாக' இருக்க வேண்டும். மருத்துவ ஆவணம், வங்கிக் கணக்கு, பாஸ்வேர்டு போன்றவை அதில் அடங்கும். வெறும் போன் நம்பரும் விலாசமும் அடங்கா. ஆகவேதான் என்னென்ன போயின என்று முதல் கேள்வியிலேயே கேட்கிறோம்.

விலாசம் மட்டுமே போயிருந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கும். நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தைப் பிறருக்கு வெளியிடுவது அச்சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. "நாங்கள் வெளியிடவில்லை, திருடு போயிற்று" என்று கம்பெனி வாதாடும். அப்போது, கவனக்குறைவும் சேவைக் குறைபாடே என்பது நம் வாதம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால், நாங்குநேரிக்காரர் திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும்; கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து பார்க்கலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. குடும்பத்துக்கு எடுத்த பாலிசிக்கு நாம் நுகர்வோர். வியாபாரத்துக்கு வாங்கிய பில்லிங் சாஃப்ட்வேர் என்றால், "இவர் நுகர்வோரே அல்ல" என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்க இடமுண்டு. சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்தும் சிறு கடைக்காரருக்கு மட்டும் சட்டத்தில் விலக்கு இருக்கிறது.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நிலையை மாற்றும். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலாகும். அதன் பின், கசிவு நடந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் என்ன நடந்தது, என்ன விளையும், என்ன செய்திருக்கிறோம் என்று நிறுவனமே தாமதமின்றித் தெரிவித்தாக வேண்டும். பாதுகாப்பில் தவறினால் அபராதம் ரூ.250 கோடி வரை.

அந்தச் சட்டம் பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். பில் போடும் கம்ப்யூட்டரில் வாடிக்கையாளரின் போன் நம்பரும் டெலிவரி விலாசமும் சேர்த்து வைக்கும் நம் கடைகளுக்கும் அது பொருந்தும். மேலே சொன்ன ஐந்து கேள்விகளும் ஒருநாள் நம் கடைக்கே தபாலில் வரலாம். அன்று பதில் சொல்லத் தேவையில்லாத பழைய பதிவுகளை இன்றே அழித்து வைப்பது நமக்கும் நல்லது.

– மொத்த வியாபாரி, நாங்குநேரி