500 சணல் பை, என்ன ரேட்?

தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநருக்கு ஒரு போன் வரும். "அக்கா, எங்க கம்பெனி ஸ்டாஃபுக்கு கிஃப்ட் கொடுக்கணும். லோகோ போட்டு 500 சணல் பை, என்ன ரேட்டுக்குத் தருவீங்க?" அனுபவமுள்ள ஊக்குநர் உடனே ரேட் சொல்ல மாட்டார். "என்ன அளவு சார்?" என்று முதலில் கேட்பார்.

காரணம் துணி. இந்தப் பைகளுக்கான சணல் துணி பெரும்பாலும் கொல்கத்தாவைச் சுற்றியுள்ள ஆலைகளில் நெய்து வருவது. குழுவின் கைவேலை வெட்டுவதும் அச்சிடுவதும் தைப்பதும்தான். செலவில் பெரும்பங்கு துணிக்கே போகிறது.

48 அங்குல அகலத் துணியை எடுத்துக்கொள்வோம். பை 14 அங்குல அகலம், 16 அங்குல உயரம், பக்கவாட்டில் 4 அங்குலப் பட்டி. தையலுக்கு ஒரு அங்குலம் விட்டால் 15 அங்குலத் துண்டுகள் மூன்று அகலவாக்கில் அடங்கும். முன்பக்கம், அடிப்பாகம், பின்பக்கம், வாய் மடிப்பு எல்லாம் சேர்ந்து ஒரே நீளத் துண்டாக 39 அங்குலம். 500 பைக்கு உடல்பகுதிக்கு 165 மீட்டர், பக்கப் பட்டிகளுக்கு 51 மீட்டர் என ஏறத்தாழ 217 மீட்டர் துணி போதும்.

இப்போது கம்பெனி, "அகலத்தை 16 அங்குலமா வெச்சுக்கலாமே" என்கிறது. 17 அங்குலத் துண்டு அகலவாக்கில் இரண்டுதான் வரும். மிஞ்சும் 14 அங்குல ஓரத்தில் பக்கப் பட்டிகளை வெட்டிக்கொண்டாலும் மொத்தத் தேவை 248 மீட்டர் ஆகிவிடும். இரண்டு அங்குலத்துக்கு 31 மீட்டர் கூடுதல் துணி! அளவு கேட்காமல் ரேட் சொன்ன குழுவுக்கு லாபம் போவது இந்த இடத்தில்தான்.

அடுத்த கேள்வி, லேமினேஷன் உண்டா இல்லையா என்பது. சணல் துணியின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தால் பை விறைப்பாக நிற்கும், நூல் பிரியாது, தைக்கவும் சுலபம். ஆனால் ஒட்டியிருப்பது பிளாஸ்டிக்தான். அதன் மேலேயே 'பிளாஸ்டிக் இல்லா உலகம்' என்று அச்சிட்டுக் கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு. பையின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாலே வழுவழுப்பு தெரிந்துவிடும். படலம் வேண்டாம் என்றால் பருத்தியும் சணலும் கலந்து நெய்த துணி இருக்கிறது. அதில் பை தொய்வாக இருக்கும், வெட்டிய ஓரங்களுக்கெல்லாம் ஓவர்லாக் அடிக்க வேண்டும், கூலியும் ஏறும். என்னைக் கேட்டால் அந்தத் தொய்வான பையையே வாங்குவேன்.

லோகோவைத் தைப்பதற்கு முன்பே, வெட்டிய துண்டில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறார்கள். தைத்த பிறகு பக்கப் பட்டியும் கைப்பிடியும் குறுக்கே நிற்கும், பை சமமாகப் படுக்காது. எனவே தைக்க ஆரம்பித்த பின் லோகோவை மாற்றச் சொன்னால் அத்தனையும் வீண். சணல் நெசவு முரடானது என்பதால் பொடி எழுத்துகள் நூலிடுக்கில் உடைந்துபோகும். விசிட்டிங் கார்டில் அழகாகத் தெரியும் முகவரி வரி, பையில் கறைபோல் விழும். ஒரு மாதிரிப் பையை அச்சிட்டுத் தைத்துக் காட்டி, கம்பெனியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே மொத்தத் துணியில் கத்திரி வைக்க வேண்டும். அந்த மாதிரியின் கைப்பிடியைப் பிடித்து, எட்டுப் பத்து கிலோ அரிசி போட்டு ஒரு இரவு தொங்கவிட்டால் தையலின் தரம் தெரிந்துவிடும். பெரும்பாலும் முதலில் பிரிவது கைப்பிடியின் வேர்ப்பகுதிதான். அங்கே சதுரமும் அதற்குள் குறுக்குக்கோடுமாகத் தைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தீபாவளி நேரம் வடகிழக்குப் பருவமழையின் நேரமும்கூட. சணல் காற்றிலுள்ள ஈரத்தை நன்றாக உறிஞ்சும். அச்சு முழுவதும் காய்வதற்குள் பைகளை பாலித்தீன் கவரில் கட்டினால், கம்பெனி பிரிக்கும்போது பூஞ்சை வாடைதான் வரும். அட்டைப்பெட்டியே போதும்.

பிறகு பணம். துணிக்கு முன்பணம் கொடுத்தாக வேண்டும் என்பதால் பாதித் தொகையை அட்வான்ஸாகக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. மீதிக்கு இழுத்தடிக்கும் கம்பெனிகளுக்கு ஒரு கடிவாளம் உண்டு. மத்திய அரசின் உத்யம் பதிவில் சுய உதவிக் குழு என்ற வகையிலேயே பதிந்துகொள்ளலாம். அப்படிப் பதிந்த உற்பத்தியாளருக்கு, 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, கொடுத்து முடிக்கும்வரை செலவாகக் காட்டி வரிச்சலுகை பெற முடியாதபடி வருமான வரிச் சட்டமும் 2024 ஏப்ரல் முதல் இறுக்கப்பட்டது. பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டு அனுப்பினால், கணக்குப் பிரிவுக்காரர்களின் கண்ணில் அதுதான் முதலில் படும்.