லண்டனும் நியூயார்க்கும் சேர்ந்து விழித்திருக்கும் நேரம்

திங்கள் காலையில் திறக்கும் அந்நியச் செலாவணிச் சந்தை சனிக்கிழமை அதிகாலை வரை மூடுவதில்லை. அதனால் எந்த நேரத்தில் வாங்கினாலும் விற்றாலும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சந்தை திறந்திருப்பது வேறு, எதிரே வாங்கவும் விற்கவும் ஆள் இருப்பது வேறு.

இந்தச் சந்தைக்கு ஒரே இடம் என்று கிடையாது. வங்கிகள் எங்கே வேலை செய்கின்றனவோ அங்கேதான் வணிகம் நடக்கிறது. பன்னாட்டுத் தீர்வு வங்கி 2022 ஏப்ரலில் எடுத்த கணக்கின்படி, உலகில் நாளொன்றுக்கு ஏழரை லட்சம் கோடி டாலர் கைமாறியது. அதில் சுமார் 38 சதவீதம் பிரிட்டனிலும் 19 சதவீதம் அமெரிக்காவிலும் நடந்தது. ஆகவே இந்த இரண்டு நாட்டு அலுவலகங்களும் ஒன்றாகத் திறந்திருக்கும் சில மணி நேரம்தான், உலகிலேயே அதிகம் வணிகமாகும் யூரோ–டாலர் ஜோடிக்கு உச்ச நேரம்.

லண்டனில் மாலை ஐந்து மணிக்கு வேலை முடிகிறது, நியூயார்க்கில் காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறது. நம் கடிகாரத்தில் கோடைக்காலத்தில் மாலை 5.30 முதல் இரவு 9.30 வரை, குளிர்காலத்தில் 6.30 முதல் 10.30 வரை இரண்டும் சேர்ந்து இயங்கும். இடையில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்கா மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்றே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுகிறது. பிரிட்டன் அதை மாதத்தின் கடைசி ஞாயிறன்றுதான் செய்கிறது. அந்த இரண்டு மூன்று வாரங்களில் உச்ச நேரம் 5.30-இலிருந்து 10.30 வரை ஐந்து மணி நேரமாக நீளும். பழைய அட்டவணையை நம்பி உட்காருபவர்கள் அப்போதுதான் ஏமாறுகிறார்கள்.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை ஸ்பிரெட் என்பார்கள். உச்ச நேரத்தில் யூரோ–டாலருக்கு அது ஒரு பிப், அதாவது 0.0001 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் யூரோ வாங்கி உடனே விற்றால் செலவு பத்து டாலர். நியூயார்க்கில் மாலை ஐந்து மணிக்கு ஒரு நாள் கணக்கு முடிந்து மறுநாள் கணக்கு தொடங்கும், அப்போது நமக்கு அதிகாலை 2.30 அல்லது 3.30. விலை சொல்லும் வங்கிகள் குறைவாக இருப்பதால் ஸ்பிரெட் ஐந்து பிப் ஆனால், அதே வேலைக்கு ஐம்பது டாலர். விலை அசையாமலே போகிற பணம் இது.

உச்ச நேரத்தில் ஆள் அதிகம், ஏற்ற இறக்கமும் அதிகம். காரணம், அமெரிக்காவின் முக்கியப் புள்ளிவிவரங்கள் அங்கே காலை 8.30 மணிக்கு வெளியாகின்றன. வேலைவாய்ப்பு அறிக்கை பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளியன்று வரும். நமக்குக் கோடையில் மாலை ஆறு மணி, குளிர்காலத்தில் ஏழு. அறிக்கை வருவதற்குச் சில நொடிகள் முன்பு வங்கிகள் தங்கள் விலைகளைப் பின்வாங்கிக்கொள்ளும். வந்ததும் ஸ்பிரெட் பல மடங்கு விரியும், விலை தாவும். நஷ்டத்தை நிறுத்த நீங்கள் குறித்து வைத்த விலையைத் தாண்டி, அதைவிட மோசமான விலையில் வணிகம் முடியலாம். உச்ச நேரத்துக்குள்ளேயே மிக ஆபத்தான நொடிகள் இவைதான்.

இதே நேரம் எல்லா ஜோடிக்கும் பொருந்தாது. எந்த இரண்டு நாணயமோ அந்த இரண்டு நாட்டு அலுவலக நேரத்தைப் பாருங்கள். ஆஸ்திரேலிய டாலர்–யென் ஜோடிக்குச் சிட்னியும் டோக்கியோவும் விழித்திருக்கும் நம் காலை நேரத்தில் உயிர் உண்டு. யூரோ–டாலர் அப்போது பெரும்பாலும் மெல்ல நகரும்.

ஆள் குறைந்தால் அமைதி என்றும் எண்ணிவிட வேண்டாம். 2016 அக்டோபர் 7 அன்று, லண்டனில் நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்களில், நமக்கு அதிகாலை நாலரை மணியைக் கடந்தபோது, பவுண்ட் டாலருக்கு எதிராகச் சுமார் ஒன்பது சதவீதம் சரிந்து, சற்று நேரத்திலேயே பெரும்பகுதியை மீட்டது. குவிந்த விற்பனையைத் தாங்க எதிரே போதிய ஆள் இல்லாத நேரம் அது. உச்ச நேரத்தில் விலை அசைவது செய்தியால், இப்படிப்பட்ட நேரத்தில் வெற்றிடத்தாலேயே அசையும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வரம்பு உண்டு. இங்கே யூரோ–டாலர் ஒப்பந்தங்களில் சட்டப்படி ஈடுபட ஒரு வழி, அங்கீகரிக்கப்பட்ட பங்குச் சந்தைகள். அங்கே அந்த வணிகம் மாலை 7.30-க்கு முடிகிறது. அதாவது கோடையில் உச்ச நேரத்தின் முதல் இரண்டு மணி நேரம், குளிர்காலத்தில் ஒரே ஒரு மணி நேரம்தான் அந்தச் சந்தைகளில் நம் கைக்கு எட்டும். இரவு முழுக்க வணிகம் செய்யலாம் என்று அழைக்கும் வெளிநாட்டு இணையதளங்களில் பணம் போடும் முன், ரிசர்வ் வங்கி வெளியிட்டுள்ள எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இல்லாததால் மட்டும் ஒரு தளம் அனுமதி பெற்றதாகிவிடாது.